நான் கேட்பது கூடவில்லை, வாப்பா

நம் கல்லூரியில் படித்து, பிறகு திருச்சிராப்பள்ளியில் பட்டப்படிப்புக்குப் போனவள் நான். கீழே இருக்கும் கடிதத்தை 2022 மே மாதக் கடைசியில் விடுதி அறையிலிருந்து வீட்டுக்கு எழுதினேன். தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதால்தான் எழுதினேன். காசு என்று வாயைத் திறந்தாலே உம்மாவின் குரல் மாறிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் அவருக்கும் ஏறாது, எனக்கும் வராது.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை கூடுதலாகக் காசு கேட்டால், "அங்கே போய்ச் செலவாளியாகிவிட்டாள்" என்று வீட்டில் நினைப்பது வழக்கம். பிள்ளையும் வெட்கப்பட்டு மறைப்பாள், கடன் வாங்குவாள், சாப்பாட்டைக் குறைப்பாள். இரண்டு பக்கமும் பார்க்கத் தவறுவது ஒரேயொரு எண்ணைத்தான். அந்த எண்ணை எழுதிக் காட்டினால் பாதிச் சண்டை இல்லாமல் போகும் என்பது என் கருத்து. மலர்க் குழுவில் உள்ள தங்கைமார் கேட்டதற்காக, வீட்டு விஷயங்கள் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கடிதத்தைத் தருகிறேன்.

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இங்கே வெயில் அதிகம். பதுளையின் பனியை நினைத்தாலே குளிர்கிறது.

போன கிழமை நீங்கள் தொலைபேசியில், "ஜனவரியில் அனுப்பிய அதே 63,000 ரூபாவைத்தானே மகள் ஏப்ரலிலும் அனுப்பினேன், அதற்குள் எப்படி முடிந்தது?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வேறு கதை பேசினேன். கோபப்படாதீர்கள். கேள்வி நியாயமானது. அதற்கான பதில் இதுதான்.

நீங்கள் கொடுக்கும் இலங்கை ரூபா நேராக இந்திய ரூபாவாக மாறுவதில்லை. பதுளையில் உள்ள வங்கி அதை முதலில் டொலராக்குகிறது. அந்த டொலர் இங்கே என் கணக்குக்கு வரும்போது, இங்குள்ள வங்கி அதை இந்திய ரூபாவாக்குகிறது. இரண்டு இடத்தில் மாற்றம் நடக்கிறது, இரண்டு விலை இருக்கிறது. ஜனவரியில் உங்கள் வங்கி ஒரு டொலரை 203 ரூபாவுக்கு விற்றது. இங்கே அந்த டொலருக்கு 74 இந்திய ரூபா கிடைத்தது. 203ஐ 74ஆல் வகுத்துப் பாருங்கள், 2.74 வரும். அதாவது எனக்கு ஒரு இந்திய ரூபா வந்து சேர நீங்கள் 2 ரூபா 74 சதம் கொடுத்தீர்கள்.

203 என்பது மாதக்கணக்காகப் பிடித்து வைத்திருந்த விலை. மத்திய வங்கியிடம் டொலர் தீர்ந்துகொண்டு வந்தது, ஆனால் விலையை மட்டும் அசைய விடவில்லை. மார்ச் 7ஆம் திகதி 230 வரை போகலாம் என்று கையைத் தளர்த்தியது. தளர்த்திய கை பிறகு பிடிக்கவில்லை. மார்ச் முடிவதற்குள் 300ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. நீங்கள் எனக்குக் காசு அனுப்பியது அதே கிழமையில். அன்று டொலர் 330. இப்போது 365.

இனி அந்த இரண்டு 63,000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் அது 310 டொலர். இங்குள்ள வங்கியின் கட்டணம் போக என் கையில் 22,500 இந்திய ரூபா கிடைத்தது. ஏப்ரலில் அதே 63,000 வெறும் 191 டொலர்தான். கட்டணம் போக 14,000தான் கிடைத்தது. கடைக் கல்லாவிலிருந்து நீங்கள் எடுத்தது ஒரு சதமும் குறையவில்லை. என்னிடம் வந்தது 8,500 குறைந்துவிட்டது. மூன்று மாதத்துக்கான காசு இரண்டு மாதத்தில் முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

என் செலவையும் சொல்கிறேன். விடுதி வாடகையும் சாப்பாடும் மாதம் 5,500. பஸ்ஸுக்கும் தொலைபேசிக்கும் 600. கொப்பி, போட்டோ கொப்பி, சவர்க்காரம் போன்றவற்றுக்கு 900. மருந்து, மற்றச் சில்லறைச் செலவுகளுக்கு 500. மொத்தம் 7,500. ஜனவரியிலும் இதேதான், ஏப்ரலிலும் இதேதான். இந்த மாதத்திலிருந்து பஸ்ஸைக் குறைத்து நடக்கிறேன். நோட்ஸை இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிரதி எடுக்கிறோம். அப்படி 6,900க்குக் கொண்டு வந்திருக்கிறேன். அதற்குக் கீழே போக வழியில்லை, ஏனென்றால் 5,500 விடுதிக்கு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும். ட்யூஷன் கொடுத்துச் சம்பாதிக்கலாமே என்று உம்மா கேட்டார். மாணவர் விசாவில் வந்தவர்கள் இங்கே வேலை செய்யக் கூடாது, உம்மா. பிடிபட்டால் படிப்பும் போய்விடும்.

இன்றைய விலையில் 365ஐ 77ஆல் வகுத்தால் 4.74 வருகிறது. இந்திய ரூபாவும் டொலருக்கு எதிராகக் கொஞ்சம் இறங்கி 77க்கு வந்திருக்கிறது. அது நமக்கு ஒரு சிறு உதவி. இறங்காமல் 74இலேயே நின்றிருந்தால் நமக்கு 4.93 ஆகியிருக்கும்.

2.74, 4.74. இந்த இரண்டு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள் வாப்பா, மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நான் இங்கே செலவழிக்கும் ஒவ்வொரு இந்திய ரூபாவுக்கும் இப்போது உங்களிடமிருந்து இரண்டு ரூபா கூடுதலாகப் போகிறது. நான் ஐந்து ரூபாவுக்கு ஒரு தேத்தண்ணீர் குடித்தால் உங்களுக்குப் பத்து ரூபா மேலதிகச் செலவு. ஜூனில் கட்ட வேண்டிய அரையாண்டுக் கட்டணம் 18,000. அதற்கு 36,000 ரூபா மேலதிகம். கட்டணம் போன தடவையும் 18,000தான்.

இதில் ஒரு தவறு நடக்க இடமிருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நானா தொலைபேசியில், "ரூபா நாற்பத்திரண்டு வீதம் விழுந்திருக்கிறது, ஆகவே நாற்பத்திரண்டு வீதம் கூட்டி அனுப்பினால் சரிவரும்" என்றார். அவர் சொன்ன வீழ்ச்சி இந்திய ரூபாவுக்கு எதிரான கணக்கில் சரி. ஆனால் கூட்டுகிற கணக்கு சரியில்லை. 63,000ஐ நாற்பத்திரண்டு வீதம் கூட்டினால் 89,460. அதை 4.74ஆல் வகுத்தால் 18,870 அளவில்தான் வரும். 22,500 வராது. நம் கடையில் நடக்கும் கதைதான் இது. நூறு ரூபாப் பொருளைப் பாதி விலைக்கு இறக்கினால் ஐம்பது. அந்த ஐம்பதைப் பாதி கூட்டினால் எழுபத்தைந்துதான், நூறு ஆகாது. நூறாக்க முழுவதையும் கூட்ட வேண்டும். நாற்பத்திரண்டு வீதம் விழுந்ததை நிரப்ப எழுபத்து மூன்று வீதம் கூட்ட வேண்டும். அதனால்தான் வீதக் கணக்கை விட்டுவிட்டு, எனக்கு வேண்டிய இந்திய ரூபாவை அன்றைய விலையால் பெருக்கச் சொல்கிறேன். இரவுச் செய்தியில் சொல்லும் விலையை வைத்தும் பெருக்காதீர்கள். சில வேளை அது வங்கி நம்மிடமிருந்து டொலர் வாங்கும் விலையாக இருக்கும். நமக்கு வேண்டியது வங்கி விற்கும் விலை. இரண்டுக்கும் இடையில் பத்து ரூபா வரைகூட வித்தியாசம் வரும்.

நான் செலவைக் கூட்டவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. கட்டாரில் இருக்கும் மாமா. கட்டார் ரியாலை டொலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள். 3.64 ரியால் ஒரு டொலர். அது அசைவதில்லை. என் 18,000 கட்டணம் ஜனவரியில் மாமாவின் கணக்கில் 886 ரியால் அளவு. இன்று 851. அதே கட்டணம் உங்களுக்கு 36,000 ரூபா ஏறியிருக்கிறது, மாமாவுக்கு 35 ரியால் இறங்கியிருக்கிறது. கல்லூரி கட்டணத்தை மாற்றவில்லை, நானும் மாறவில்லை. மாறியது எந்தக் காசில் கட்டுகிறோம் என்பது மட்டும்தான்.

உங்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியாமல் இல்லை, வாப்பா. அதை எழுதாமல் காசு மட்டும் கேட்டால் நான் உங்கள் மகளில்லை.

பசறை வீதியில் நம் கடைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். அவர்களின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா ஆனது. அன்றிலிருந்து அதே ஆயிரம்தான். ஜனவரியில் அது ஐந்து டொலருக்குச் சற்றுக் குறைவு. இன்று 2 டொலர் 74 சதம். அவர்கள் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போய் டொலர் கொண்டு வருகிறது. ரூபா விழுந்ததும் ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை மளமளவென்று ஏறியது. பறித்தவரின் ஆயிரம் ஏறவில்லை. போன வருடம் உரத்தைத் தடை செய்ததிலிருந்து கொழுந்தும் குறைந்து போய், பல தோட்டங்களில் வேலை நாளும் குறைந்துவிட்டதாக நீங்களே சொன்னீர்கள். நம் கடை வருமானம் அந்த ஆயிரத்தில் இருந்துதான் வருகிறது. அது ஏறாமல் நீங்கள் மட்டும் எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவீர்கள்?

அதைவிடக் கடன் கொப்பி இன்னும் மோசம். ஜனவரியில் 400 கிராம் பால்மாப் பக்கற்று 540 ரூபா. அதைக் கடனுக்குக் கொடுத்து, மார்ச் கடைசியில் அவர்கள் நாணயமாக 540ஐக் கொண்டுவந்து தரும்போது புதுப் பக்கற்று 790. கொடுத்த கடன் முழுவதும் திரும்பி வந்தும், வாப்பாவால் அந்தப் பக்கற்றை மறுபடி தட்டில் வைக்க முடியவில்லை. 250 ரூபா குறைகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கொடுக்காமல் விடவில்லை, ஆனாலும் கடை சுருங்குகிறது. ஏப்ரலில் வீட்டுக்கு வந்த நானா, தட்டுகளில் இடைவெளி தெரிகிறது என்று சொன்னபோது எனக்கு இதுதான் விளங்கியது. என் 63,000க்கு நடந்ததும் உங்கள் 540க்கு நடந்ததும் ஒன்றே.

இதெல்லாம் தெரிந்தும் கேட்கிறேன். ஆட்கள் சொல்வதும் காதில் விழுகிறது. "நாடு இருக்கிற நிலையில் பெண்பிள்ளையை வெளியில் வைத்துப் படிப்பிக்க வேண்டுமா, கூப்பிட்டு எடுங்களேன்" என்கிறார்களாம். பசறை வீதியிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களும் உண்டு. என் இசட் புள்ளி அதற்குப் போதவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறைக்க ஒன்றுமில்லை.

கூப்பிட்டு எடுப்பதா என்பதைக் கணக்காகவே பார்ப்போம். முதல் வருடம் கொரோனாவால் வீட்டிலிருந்தே முடிந்தது. இரண்டாம் வருடம் இதோ முடிகிறது. இதுவரை செலவழித்ததைக் காரணமாகக் காட்டி உங்களைக் கட்டிப்போட நான் விரும்பவில்லை. போனது போய்விட்டது. இனி என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. இரண்டு கட்டணம் 36,000. ஜூனிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை பதினொரு மாதச் செலவு 75,900. பரீட்சைக்கும் சான்றிதழுக்கும் 4,000. மொத்தம் ஏறக்குறைய 116,000 இந்திய ரூபா. பழைய விலையில் அது 318,000 ரூபாவாக இருந்திருக்கும். இன்றைய விலையில் 550,000. மேலதிகம் 232,000. எண் பெரியதுதான். அதை எழுதும்போது என் கையும் நடுங்கியது. ஆனால் இந்த 550,000க்கு வருவது முழுப் பட்டம். இப்போது திரும்பி வந்து இலங்கையில் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தால் முதலிலிருந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நான் உங்கள் செலவில்தான் இருப்பேன்.

நான் கேட்பது இதுதான். இந்த மாதமே ஜூன் செலவுக்கு 6,900 இந்திய ரூபா தேவை, அதாவது 32,700 ரூபா. ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 63,000க்குப் பதிலாக 98,000 ரூபா. மாதக் கணக்கில் பார்த்தால் 12,000க்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. விலை இறங்கினால் அதையும் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் வங்கிக்குப் போவதற்கு முதல் நாள் அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கி உங்களுக்குச் சொல்கிறேன். மாதா மாதம் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு வங்கியும் கட்டணம் எடுக்கும். சிறு தொகைக்கு அது பெரிய வெட்டு.

ஜூன் கட்டணம் 18,000ஐ மாமாவிடம் கடனாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் நான் கேட்கவில்லை. மாமா தந்தால் அந்தக் கடனை ரியாலில் எழுதுங்கள். 851 ரியால் என்று. ரூபாவில் எழுதினால், நாளைக்கு ரூபா இன்னும் விழும்போது நாம் கொடுப்பது மாமா தந்ததைவிடக் குறைவாக இருக்கும். கடன் கொப்பியில் உங்களுக்கு நடந்ததை நாம் மாமாவுக்குச் செய்யக் கூடாது. வேலைக்குப் போனதும் அந்த 851ஐ நான் கட்டுவேன்.

இரண்டு விஷயம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்டியலில் அனுப்பித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கொடுக்காதீர்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒன்று. பணம் வராவிட்டால் கேட்கக் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது என்பது இன்னொன்று. வங்கி தாமதப்படுத்தினாலும் என் கல்லூரிக் கடிதம், கட்டணச் சீட்டு, கடவுச்சீட்டு, விசாப் பிரதி எல்லாவற்றையும் இத்தோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன். டொலர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் மறுபடி போங்கள். கட்டணத்துக்குக் கடைசித் திகதி ஜூன் 20 என்பதால் நாளிருக்கிறது.

மற்றது உம்மாவுக்கு. காப்பைத் தொட வேண்டாம். தங்கத்தின் விலையும் டொலரோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. நம் வீட்டில் இந்த மூன்று மாதத்தில் பெறுமதி குறையாமல் இருக்கும் பொருள் அது ஒன்றுதான். கடையில் காசுக்கு இதைவிட நெருக்கடி வரலாம். அப்போது அது இருக்கட்டும்.

யோசித்து முடிவைச் சொல்லுங்கள். வர வேண்டும் என்றால் வருகிறேன். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஆட்கள் சொன்னதற்காகச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்.

கடிதம் போய் மூன்றாம் நாள் வாப்பா தொலைபேசி எடுத்தார். "எழுபத்து மூன்றா, நாற்பத்திரண்டா, நானாவுக்கு மறுபடி விளங்கப்படுத்து" என்றார். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை 32,700 ரூபாவை வங்கியில் கட்டினார். மாமா கட்டணத்தை நேரே கல்லூரிக்கு அனுப்பினார். 98,000 எல்லாத் தடவையும் வரவில்லை. ஒக்டோபரில் 80,000தான் வந்தது. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியிருந்தது. லயங்களில் அடுப்பும் விளக்கும் அதில்தான், கடையில் கடன் இன்னும் கூடியிருந்தது. அந்த மூன்று மாதத்துக்கு என் அறைத்தோழியிடம் கடன்பட்டேன். ஆனால் ஏன் குறைந்தது என்று வாப்பாவே கணக்குப் போட்டுச் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்ததை ஒட்டி ரூபா கொஞ்சம் உறுதியானது. வாப்பா எனக்குக் கடைசியாக அனுப்பியது ஒரு இந்திய ரூபாவுக்கு நான்கு ரூபாக் கணக்கில். 2.74 திரும்பி வரவில்லை. இப்போது வெளியில் படிக்கப் போகும் தங்கைமார் வீட்டில் செலவுக் கணக்கு எழுதும்போது, முதல் நிரலில் அந்த நாட்டுக் காசையும், இரண்டாம் நிரலில் அன்றைய விலையையும், மூன்றாவதில்தான் நம் ரூபாவையும் எழுதுங்கள். நாங்கள் மூன்றாவது நிரலை மட்டும் எழுதித்தான் தொடங்கினோம்.

கடன் கொப்பியின் பின்னட்டையில் "851 ரி." என்று வாப்பா எழுதி வைத்திருந்தார். வேலை கிடைத்து ஏழாம் மாதம் அதை மாமாவுக்கு அனுப்பிவிட்டு வந்து சொன்னேன். பேனையை எடுத்து அவரே வெட்டினார்.